ஆகிய நான்

வழக்கை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றக் கோரி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பும் மனுவோடு ஒரு பிரமாணப் பத்திரம் இணைக்க வேண்டும். ஒரே பக்கம்தான். இந்த மனுவின் மனுதாரர் நானே, இதிலுள்ள இன்ன பத்தி முதல் இன்ன பத்தி வரையிலான செய்திகளைப் படித்தேன் அல்லது எனக்கு என் தாய்மொழியில் விளக்கிச் சொன்னார்கள், அவை உண்மை என்று அதில் இருக்கும். கீழே கையெழுத்து, நோட்டரியின் முத்திரை, தேதி. அந்த ஒரு பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். அது உண்மை என்று உறுதி சொல்கிற மனு இருபது பக்கம் போகும், அதுவும் ஆங்கிலம். கையெழுத்து மட்டும் தமிழில் இருக்கும்.

தனக்குப் படிக்கத் தெரியாத இருபது பக்கத்தை உண்மை என்று சத்தியம் செய்கிற பெண், உள்ளபடியே எதைச் சத்தியம் செய்கிறாள்? இந்தக் கேள்வி சட்டக் கேள்வியாக எனக்கு வரவில்லை. மொழிபெயர்ப்பு வேலையாக வந்தது. திண்டுக்கல்லில் வழக்கு நடத்தும் தோழி ஒருவர், டெல்லியில் எழுதி வந்த மனுவைக் கொடுத்து, "இதைத் தமிழ்ல எழுதிக் கொடு. அந்தப் பொண்ணு படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடட்டும்" என்றார். பெரும்பாலான அலுவலகங்களில் இது நடப்பதில்லை. "உங்க கேஸை இங்க மாத்தச் சொல்லி எழுதியிருக்கு, இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். பிறகு "தாய்மொழியில் விளக்கப்பட்டது" என்ற வரி தன்பாட்டுக்கு அச்சாகி நிற்கும்.

அந்தப் பெண்ணின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். முப்பத்தோரு வயது. பத்தாவது வரை படித்தவர். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. கணவரிடமிருந்து வந்து இரண்டு ஆண்டுகளாகப் பெற்றோர் வீட்டில் இருக்கிறார். ரெடிமேட் துணி தைக்கும் யூனிட்டில் வேலை. கணவர் பெங்களூரில் விவாகரத்து வழக்குப் போட்டிருந்தார். ஒரு மாநிலத்துக் குடும்ப நீதிமன்றத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்ற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தைத்தான் கேட்க வேண்டும். ஜீவனாம்சம்கூட வராத ஒரு பெண், பெங்களூருக்குப் போகாமல் இருப்பதற்காக டெல்லிக்கு எழுத வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில்.

பத்திரத்தின் தொடக்க வரியிலிருந்தே சொல்கிறேன். ஆங்கிலப் பிரமாணப் பத்திரம் 'நான்' என்று ஆரம்பிக்கும். அப்புறம் பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், வயது, முகவரி எல்லாம் காற்புள்ளிகளோடு வரும். பிறகு 'பின்வருமாறு உறுதிகூறி உரைக்கிறேன்' என்ற வினை. அதற்குப் பின் எண்ணிட்ட பத்திகள். இதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் வருவது தமிழ் அல்ல: 'நான், இன்னார், இன்னாரின் மனைவி, இதன்மூலம் உறுதியாக உறுதிப்படுத்தி' என்று தொண்டையில் மாட்டிய முள்ளாக நிற்கும். தமிழில் வினை கடைசியில் வர வேண்டும். அப்படிப் பார்த்தால் 'என்று உறுதி கூறுகிறேன்' என்பது இருபதாம் பக்கத்தின் கடைசியில்தான் வந்து சேரும். அதுவரை படிப்பவருக்கு இது கதையா, குற்றச்சாட்டா, சத்தியமா என்று தெரியாது.

நம் பத்திர எழுத்தர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மாவட்டம், வட்டம், கிராமம், கதவு எண், இன்னாருடைய மகள், இத்தனை வயது என்று வெளியிலிருந்து உள்ளே வந்து, பெயரைச் சொல்லி, 'ஆகிய நான்' என்று நிறுத்துகிறார்கள். பிறகு 'சத்திய உறுதியாகவும் உண்மையாகவும் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' என்று ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பத்தியையும் தனி வாக்கியமாக முடிக்கிறார்கள். 'யாதெனில்' என்கிற அந்த ஒரு சொல், வினை கடைசியில் வருகிற மொழியில் சத்தியத்தை முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. கிரயப் பத்திரத்திலும் இதே அமைப்புத்தான். எழுதிக் கொடுத்தது என்னவென்றால் என்று வரும். எளிய தமிழ் எழுத வேண்டும் என்று வகுப்பில் ஓயாமல் சொல்கிறவள் நான். ஆனாலும் இந்தப் பழைய வரியை எளிமைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் முதல் வரியைப் படித்ததும், "எங்க அப்பா நிலத்த வித்தப்ப எழுதின பத்திரம் மாதிரி இருக்கு மேடம்" என்றார். சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது கடிதம் இல்லை, திரும்பப் பெற முடியாத ஒன்று என்று அவருக்குச் சொன்னது அந்த வாசகம்தான். நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. வந்து சேரும் மொழியின் வழக்கைக் காப்பாற்றுவதன் பயன் இதுதான். அது அலங்காரத்துக்கு இல்லை. என்ன காரியம் நடக்கிறது என்பதைப் படிப்பவருக்கு அவருடைய அனுபவத்திலிருந்தே தெரிவிக்கிறது.

'ஆகிய நான்' என்பதைப் பெண்ணியக் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு உறுத்தும். ஊர், வீடு, ஆண் ஒருவரின் பெயர் எல்லாவற்றையும் கடந்த பிறகுதான் 'நான்' வருகிறது. உறுத்துவது சரிதான். ஆனால் ஆண்கள் எழுதிக் கொடுக்கும் பத்திரத்திலும் அதே வரிசைதான். மாற்ற வேண்டியது 'இன்னாருடைய மனைவி' என்பதை என்று எனக்குத் தோன்றியது. அந்த இடத்தின் வேலை ஆளை அடையாளம் காட்டுவது மட்டுமே. எந்த மனிதரை விட்டு விலகி வந்ததாக மனு சொல்கிறதோ அதே மனிதரைக் கொண்டு அடையாளம் காட்டத் தேவையில்லை. ஆனால் டெல்லியில் எழுதிய ஆங்கிலத்தில் மனைவி என்றே இருந்தது. மொழிபெயர்ப்பில் நானாக மகள் என்று போட எனக்கு அதிகாரம் கிடையாது. குறித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்தது சத்தியம் என்ற சொல். அந்தப் பெண் அங்கேயே நின்றுவிட்டார். "சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன் மேடம். பிள்ளைக்கு ஆகாது." அவருக்குச் சத்தியம் என்றால் கோயிலில் கற்பூரத்தை அணைப்பது, பிள்ளை தலையில் கை வைப்பது. மாமியார் வீட்டில் ஒருமுறை நகை விஷயமாக அப்படிச் செய்யச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள். அதன் பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு முறையும் அந்த நினைவு வந்திருக்கிறது.

இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. சட்டமே ஒரு காலத்தில் இந்த வகைச் சத்தியத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. 1873ஆம் ஆண்டின் இந்தியச் சத்தியப் பிரமாணச் சட்டத்தில், ஒரு கட்சிக்காரர் தன் சமூகத்தில் கட்டுப்படுத்தக்கூடியதாகக் கருதப்படும் முறையில் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முன்வரலாம். எதிர்த்தரப்பும் அப்படிச் செய்யும்படி கேட்கலாம். அதற்குச் சட்டம் ஒரு வரம்பு வைத்திருந்தது. நீதிக்கும் கண்ணியத்துக்கும் விரோதமாக இருக்கக் கூடாது; மூன்றாம் மனிதர் யாரையும் பாதிப்பதாகவும் இருக்கக் கூடாது. அதாவது பிள்ளை தலையில் கை வைக்கிற சத்தியத்துக்கு அன்றைக்கே நீதிமன்றத்தில் இடமில்லை. 1969இல் வந்த புதிய சட்டம், எதிர்த்தரப்பு அப்படிக் கேட்கும் வழியை எடுத்துக்கொள்ளவில்லை; சாட்சி தானே விரும்பினால் மட்டும், அதே வரம்புக்குள், நீதிமன்றம் அத்தகைய சத்தியத்தை அனுமதிக்கலாம் என்று விட்டது. மற்றபடி வழக்கமாக இருப்பவை இரண்டுதான்: கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது கடவுளைக் குறிப்பிடாமல் உறுதி கூறலாம். எது வேண்டும் என்பது சொல்பவரின் விருப்பம். பிரமாணப் பத்திரத்துக்கான வாசகமும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. இது என் பெயர், என் கையெழுத்து, இந்தப் பத்திரத்தில் உள்ளவை உண்மை என்கிற அளவுதான் அது.

டெல்லியிலிருந்து வந்த ஆங்கிலம் இரண்டாவது வகை. கடவுள் அதில் இல்லை. ஆனால் நம் தமிழ் வழக்கு அதை 'சத்திய உறுதியாக' என்று எழுதிப் பழகிவிட்டது. இலங்கைத் தமிழில் இந்த ஆவணத்தின் பெயரே சத்தியக் கடதாசி. மொழியின் வழக்கைக் காப்பாற்றினால் பொருள் மாறுகிறது. பொருளைக் காப்பாற்றினால் வழக்குப் போகிறது. கற்பூரம் அணைத்த கையோடு 'சத்தியம்' என்ற சொல்லைப் படிக்கிற ஒருவருக்கு, ஆங்கிலத்தில் இல்லாத கடவுளையும் குழந்தையையும் நான் உள்ளே கொண்டுவந்து வைத்ததாகிவிடும். 'உளமார உறுதிகூறி உண்மையாகத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' என்று எழுதினேன். பதவியேற்பு உறுதிமொழிகளில் கேட்டுப் பழகிய சொல்தான் அது. பத்திரத்தின் நடையும் கெடவில்லை. கூடவே ஒன்றைச் சொல்லிவிட வேண்டியிருந்தது: கடவுள் பெயர் இல்லாததால் இதில் பொய் சொன்னால் பரவாயில்லை என்று ஆகாது. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியம் அளித்தால் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. "அது சரி மேடம், அது எனக்குத்தானே. பிள்ளைக்கு இல்லையே" என்றார். சட்டம் 1873இல் போட்ட வரம்பை அவர் ஒரே வரியில் சொல்லி முடித்தார்.

இனி மனுவின் உடல். எட்டாவது பத்தியை நான் தமிழில் இப்படி எழுதினேன்: 'எதிர்மனுதாரர் பெங்களூரில் வேறொரு பெண்ணுடன் வாழ்ந்து வருகிறார்.' ஆங்கிலத்தில் அப்படித்தான் இருந்தது. நேரடிக் கூற்று, நிகழ்காலம், ஐயம் எதுவும் இல்லை. அவர் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "நான் பாக்கலையே."

பார்க்கவில்லை என்றால் எப்படித் தெரியும் என்று தோழி கேட்டார். "நாத்தனார் சொன்னாங்க. யாரோ ஒரு பொண்ணு கூட இருக்காராம். வீடு மாத்திட்டாராம்." அதே மூச்சில், "ஆனா போன தீபாவளிக்கு முந்தி போன்ல ஒரு பொம்பள குரல் கேட்டுச்சு. அது நானே கேட்டேன்" என்றும் சொன்னார்.

அவர் பேசியதைக் கவனியுங்கள். தானே கேட்டதற்கு 'கேட்டேன்'. பிறர் சொல்லித் தெரிந்ததற்கு 'இருக்காராம், மாத்திட்டாராம்'. 'ஆம்' என்ற அந்தச் சின்ன ஒட்டு, இதை நான் பார்க்கவில்லை, என் பொறுப்பில் இது இல்லை என்று சொல்கிறது. இலக்கண வகுப்பில் நான் அதைச் சொல்லிக் கொடுப்பதுண்டு. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்' என்ற பாட்டி கதையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். நீதிமன்றம் கேட்பதும் இதே வேறுபாட்டைத்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19ஆம் கட்டளை, 3ஆம் விதி, பிரமாணப் பத்திரம் சொல்பவர் தம் சொந்த அறிவால் மெய்ப்பிக்கக்கூடிய செய்திகளோடு நிற்க வேண்டும் என்கிறது. இடைக்கால மனுக்களில் மட்டும் நம்பிக்கையைச் சொல்லலாம். அப்போதும் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எது என்று சொல்ல வேண்டும். 1952இல் பம்பாய் மாநில அரசின் வழக்கு ஒன்றில், அரசுத் தரப்புப் பிரமாணப் பத்திரம் எது நேரில் அறிந்தது, எது கேட்டறிந்தது என்று பிரிக்காமல் இருந்ததை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, கேட்டறிந்ததன் மூலத்தை வெளிப்படுத்த வேண்டும் என்றது. படித்த அதிகாரிகள் குழப்பியதைப் பத்தாவது படித்த தையல்காரப் பெண் பேச்சிலேயே பிரித்து வைத்திருந்தார். அவருடைய வாயில் சரியாக இருந்தது, டெல்லிக்குப் போய் ஆங்கிலமாகி வந்தபோதுதான் தொலைந்தது. எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. தொலைபேசியில், மொழி தெரிந்த ஒருவர் வழியாகக் கேட்டு, சுருக்கமாகவும் பலமாகவும் எழுதியிருக்கிறார். 'ஆம்' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு முழு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியம் விடுபட்டுவிட்டது.

விடுபட்டதன் விலை சிறியதல்ல. பொய்ச் சாட்சியம் எது என்று சொல்லும் பழைய தண்டனைச் சட்டத்தின் 191ஆம் பிரிவில் ஒரு விளக்கம் உண்டு. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 227ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. தான் நம்பாததை நம்புவதாகச் சொன்னாலும் பொய். தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொன்னாலும் பொய். கணவர் உண்மையிலேயே வேறொருவரோடு வாழ்ந்தாலும்கூட, தனக்கு நேரில் தெரியாது என்று அறிந்திருந்தும் தெரியும் என்று இவர் ஆணையிட்டால் வம்பில் மாட்டிக்கொள்வார். தண்டனை வரை போகாவிட்டாலும், பெங்களூரிலோ திண்டுக்கல்லிலோ என்றாவது ஒரு நாள் கூண்டில் நிற்கும்போது, "நீங்கள் பார்த்தீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். இல்லை என்பார். அதன் பிறகு அவர் அடி வாங்கியதாகச் சொல்லும் பத்திகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு வரும் ஆசையைச் சொல்ல வேண்டும். தமிழில் அந்த வரியை 'வாழ்ந்து வருவதாகக் கேள்விப்பட்டேன்' என்று திருத்தி எழுதுவது எனக்கு ஒரு நொடி வேலை. அவர் படிப்பார், தலையாட்டுவார், நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார். எல்லோருக்கும் நல்லவளாக இருக்கலாம். ஆனால் டெல்லிக்குப் போவது ஆங்கிலம். அவர் தமிழில் ஒன்றைப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் வேறொன்றுக்குச் சத்தியம் செய்தவராவார். அவருக்கும் அவருடைய சொல்லுக்கும் நடுவே நான் ஒரு திரை கட்டியவளாவேன், அதுவும் அன்பால். பெண்களின் பேச்சைப் 'பெண்களுக்காகவே' திருத்திச் சொல்லும் அந்த அன்பை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். பிழையான வரியைப் பிழையாகவே, முழு வலுவோடு தமிழில் வைப்பதுதான் அங்கே நேர்மை. 'வாழ்ந்து வருகிறார்' என்று கட்டையாக எழுதியிருந்ததால்தான் அவரால் 'நான் பாக்கலையே' என்று சொல்ல முடிந்தது. திருத்த வேண்டியது ஆங்கிலத்தை. தோழி அன்று மாலையே டெல்லிக்கு எழுதினார்.

திருத்தம் வந்தபோது அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. நாத்தனார் என்பதற்கு ஆங்கிலத்தில் 'சிஸ்டர் இன் லா' என்று போட்டிருந்தார்கள். அந்தச் சொல் நாத்தனாரையும் குறிக்கும், அண்ணியையும் குறிக்கும், கொழுந்தியாளையும் குறிக்கும். தமிழில் ஒருவர் வாயிலிருந்து வரும் உறவுச் சொல்லே, செய்தி எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று காட்டிக் கொடுத்துவிடும். தம்பி மனைவி சொன்னது வேறு, கணவரின் உடன்பிறந்த அக்காவே சொன்னது வேறு. இரண்டாவதற்கு எடை அதிகம். 'எதிர்மனுதாரரின் மூத்த சகோதரி என்னிடம் தெரிவித்தார், அதை நான் உண்மை என நம்புகிறேன்' என்று கடைசியில் நின்றது. போனில் குரல் கேட்டது தனிப் பத்தியாக, சொந்த அறிவு என்ற கணக்கில் போனது. ஒரு வரியாக இருந்தது இரண்டு பத்தியாயிற்று. பலம் குறைந்த மாதிரி தெரிந்தது. ஆனால் அந்த இரண்டையும் அவரால் கூண்டிலும் அப்படியே சொல்ல முடியும்.

'அடித்தார்' என்பதைப் பற்றி ஒரு சிறு விலகல். தமிழில் எதிர்மனுதாரர் என்று தொடங்கினால் வினை 'ஆர்' என்றுதான் முடியும். சுவரில் மோதினார், கழுத்தைப் பிடித்தார். மரியாதை ஒட்டிக்கொண்டே அடி விழுகிறது. ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கட்டுரையைப் படித்த ஒரு மாணவி 'அடித்தான்' என்று எழுதியிருக்கலாமே என்றாள். கவிதையென்றால் எழுதியிருப்பேன். இங்கே கோபப்பட வேண்டியது அவரா நானா என்ற கேள்வி இருக்கிறது. அவர் தன் வாயால் 'அடிச்சாரு' என்றுதான் சொன்னார்.

பதினோராம் பத்திதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. 'மனுதாரர் ஆதரவற்ற பெண். துணையின்றித் தனியே நெடுந்தூரம் பயணம் செய்ய இயலாதவர்.' இது மனு எழுதும் வழக்கில் ஊறிப்போன வாசகம். மாற்றம் கேட்கும் மனைவியின் மனுவில் குழந்தை, வருமானமின்மை, தூரம் ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்து வரும். படித்தவுடன் அவர் முகம் மாறிவிட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடி நான் திருப்பூர்ல ரெண்டு வருசம் தனியா ஹாஸ்டல்ல இருந்து பனியன் கம்பெனில வேலை பாத்தவ. ராத்திரி பஸ்ல தனியாத்தான் வருவேன். இயலாதவள்னு எப்படி எழுதுறது?"

தோழி சற்றுச் சங்கடப்பட்டார். அந்த வரி வேலை செய்கிற வரி. எதிர்த்தரப்பு அதை மறுக்கவும் போவதில்லை. பெண்ணால் முடியாது என்று சொன்னால் நீதிமன்றம் எளிதில் ஏற்றுக்கொள்ளும் என்ற அனுபவத்திலிருந்து பிறந்த வழக்கு அது. உண்மையான பொய் என்றும் சொல்ல முடியாது. 'ஆதரவற்ற' என்பதை எப்படி அளப்பது? நானும் அங்கே யோசித்தேன். அவருக்குத் தேவைப்பட்டது வழக்கு மாறுவது. அதற்காக ஒரு சொல்லை விழுங்கினால் என்ன? எத்தனை விண்ணப்பங்களில் எத்தனை பெண்கள் அபலையாகிப் பென்ஷனும் பட்டாவும் வாங்கியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

ஆனால் மனுவுக்கும் பிரமாணப் பத்திரத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மனு கேட்கிறது; கேட்பதில் கொஞ்சம் குனிவது உண்டு. பிரமாணப் பத்திரம் 'இது நான்' என்று சொல்கிறது. கெஞ்சலின் வழக்குகள் நைசாக உறுதிமொழியின் எல்லைக்குள் நுழைந்துவிடும்போது, ஒரு பெண் தன்னால் முடியாது என்பதைச் சத்தியமாகவே சொல்ல வேண்டியதாகிறது. அதோடு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. தனியாக எங்கும் போக இயலாதவர் என்று இங்கே ஆணையிட்டவர், நாளைக்குக் குழந்தையைத் தானே வளர்க்கும் திறன் தனக்கு உண்டு என்று காப்புரிமை வழக்கில் சொல்லும்போது எதிர்த்தரப்பு இந்தப் பக்கத்தை எடுத்து நீட்டும்.

அவரிடமே கேட்டோம்: பெங்களூருக்குப் போவதில் உங்களுக்கு என்னதான் கஷ்டம்? விரல் விட்டுச் சொன்னார். ஒரு வாய்தாவுக்குப் போய் வந்தால் இரண்டு நாள் வேலை போகும்; வேலைக்குப் போனால்தான் கூலி. குழந்தைக்குப் பள்ளிக்கூடம். அதை விட்டுவிட்டுப் போக அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்குப் பார்வை சரியில்லை. அழைத்துக்கொண்டு போனால் இரண்டு டிக்கெட், தங்க இடம் இல்லை. போன முறை போனபோது கோர்ட் வாசலில் கணவரின் தம்பி வழிமறித்துப் பேசியிருக்கிறார். இதில் இயலாமை எதுவும் இல்லை. கணக்கு இருக்கிறது, பயம் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் உண்டு. பதினோராம் பத்தி இந்த விவரங்களாக மாறியது. டெல்லியிலிருந்து ஒரு சிறு முணுமுணுப்பு வந்தது; 'ஆதரவற்ற' மட்டும் இருக்கட்டுமே என்றார்கள். அவர் வேண்டாம் என்றார். அப்படியே முதல் வரியில் மனைவி என்பதும் மகள் என்று மாறியது. அதைக் கேட்டதும் அவர்தான்.

கடைசிப் பத்தியில் சரிபார்ப்பு வாசகம். 'என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை' என்று தமிழில் ஒரே மூச்சில் எழுதுவது நம்மிடம் பழகிய வழக்கு. கேட்க அழகாக இருக்கும். ஆனால் மேலே இவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததையெல்லாம் கீழே கொண்டுவந்து ஒன்றாகக் கலக்கிவிடும். இந்த ஒரு இடத்தில் தமிழ் வழக்கை விட்டேன். ஆங்கிலத்தில் பத்தி எண்களோடு பிரித்திருந்தபடியே மூன்றாக எழுதினேன்: இவை நான் நேரில் அறிந்தவை; இவை இன்னார் சொல்லக் கேட்டு உண்மை என நம்புபவை; இவை சட்டம் குறித்து வழக்கறிஞர் கூறியவை, அவற்றைச் சரியென நம்புகிறேன். மூன்றாவதைப் படித்தபோது, "இது எனக்குத் தெரியாதுன்னு சொல்லலாமா?" என்று கேட்டார். தெரியாது என்பதைத்தான் அந்த வரி மரியாதையாகச் சொல்கிறது என்றேன்.

விளக்கிச் சொன்னதற்கான சான்றுக் குறிப்பு மிச்சம் இருந்தது. எழுத்தறியாத, அல்லது பத்திரத்தின் மொழி அறியாத ஒருவருக்கு அதைப் படித்து விளக்கி, அவர் புரிந்துகொண்டார் என்று குறிக்க வேண்டும் என்பது நீண்ட நாளைய வழக்கம். இதற்குப் பின்னால் ஒரு பழைய கருணை இருக்கிறது. முக்காட்டுக்குள் இருக்கும் பெண்களும் எழுத்தறியாத பெண்களும் எழுதிக் கொடுத்த ஆவணங்களில், அவர்கள் விவரம் புரிந்து தம் விருப்பப்படி எழுதிக் கொடுத்தார்கள் என்று மெய்ப்பிக்கும் பாரத்தை ஆவணத்தால் பலன் பெறுபவர்மேல் நீதிமன்றங்கள் வைத்தன. 1962இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பெண்ணை அறியாதவள் என்று வைத்துக் காப்பாற்றும் கருணை அது, எனக்கு அதன்மேல் முழு மனது இல்லை. ஆனால் அது கேட்கும் செயல் நல்ல செயல்: ஒருவர் எதிரே உட்கார்ந்து முழுவதையும் படிப்பது. நடைமுறையில் செயல் போய்விட்டது, செயப்பாட்டு வினை மட்டும் மிஞ்சியிருக்கிறது. 'படித்துக் காட்டப்பட்டது', 'விளக்கப்பட்டது', 'புரிந்துகொள்ளப்பட்டது'. யார் படித்தார், எதைப் படித்தார் என்று வாசகத்தில் இல்லை.

1969 சட்டத்தின் அட்டவணையில் மொழிபெயர்ப்பாளருக்கும் ஓர் உறுதிமொழி இருக்கிறது. கேள்விகளையும் சாட்சியத்தையும் நன்றாகவும் உண்மையாகவும் எடுத்துரைப்பேன், மொழிபெயர்க்கக் கொடுத்த ஆவணங்களைச் சரியாகப் பெயர்ப்பேன் என்பது அதன் சாரம். அதில் ஆவணத்தின் செய்தி உண்மை என்று நான் சொல்வதில்லை. அவருடைய கணவர் யாரோடு வாழ்கிறார் என்பதில் எனக்குப் பங்கில்லை. என் உறுதி, இரண்டு மொழியிலும் ஒரே காரியம் நடந்திருக்கிறது என்பது மட்டுமே. நீதிமன்றத்தில் எனக்கு யாரும் உறுதிமொழி செய்து வைக்கவில்லை. ஆனாலும் அதே பொறுப்பில் ஒரு குறிப்பை எழுதி, தமிழ்ப் பிரதியோடு இணைத்தேன். செய்வினையில் எழுதினேன். ஆகிய நான் தமிழும் ஆங்கிலமும் அறிவேன். மனுவின் ஒன்று முதல் பதினான்கு வரையுள்ள பத்திகளையும் பிரமாணப் பத்திரத்தையும் தமிழில் பெயர்த்தேன். மனுதாரர் அவற்றைத் தாமே வாசித்தார். எட்டு, பதினொன்று ஆகிய பத்திகளை மறுத்தார். அவை ஆங்கிலத்தில் திருத்தப்பட்ட பின் மறுபடி வாசித்து ஒப்புக்கொண்டார்.

நோட்டரி அதைப் படித்துவிட்டு, மறுத்தார் என்பதெல்லாம் எதற்கு, ஒப்புக்கொண்டார் என்றால் போதுமே என்றார். தோழி இருக்கட்டும் என்றார். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கம் பேனாவை நகர்த்தினார். அவர் இனிஷியலோடு, தமிழில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டார். எட்டாம் பத்தியும் பதினோராம் பத்தியும் இருந்த பக்கங்கள் வந்தபோது மட்டும் நிறுத்தி, ஒரு தடவை தமிழ்ப் பிரதியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.